சிரப் பூத்துப்போனால், கார்டியல் கசந்தால்: வீட்டு பாரில் வரும் பழுதுகளும் சரிசெய்யும் வழிகளும்

மாதத்துக்கு இரண்டு பேராவது ஒரு பாட்டிலைப் படம் பிடித்து அனுப்பி, "இது கெட்டுப்போச்சா, இல்ல இப்படித்தான் இருக்குமா?" என்று கேட்கிறார்கள். அடியில் கல்கண்டு மாதிரி கட்டி நிற்கும் சிரப், வேப்பங்கொழுந்து மாதிரி கசக்கும் எலுமிச்சை கார்டியல், மூடியைத் திறந்ததும் "புஸ்" என்று சீறும் பாட்டில். கேள்விகள் பெரும்பாலும் இவைதான், பதிலும் மாறுவதில்லை. அதனால் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். உங்கள் பாட்டிலில் என்ன தெரிகிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போய்விடலாம். ஒவ்வொன்றிலும் காசில்லாமல் சரிசெய்யக்கூடிய காரணம் முதலில் வரும், செலவு வைக்கும் காரணம் கடைசியில்.

முதலில் அளவு

சிரப்புக்கு இரண்டு அளவு போதும். ஒன்றுக்கு ஒன்று என்றால் 200 கிராம் சர்க்கரைக்கு 200 கிராம் தண்ணீர். இரண்டுக்கு ஒன்று என்றால் 400 கிராம் சர்க்கரைக்கு 200 கிராம் தண்ணீர். இரண்டையும் தராசில் நிறுத்துதான் எடுக்க வேண்டும். தண்ணீரைச் சூடாக்கி, அடுப்பை அணைத்துவிட்டு, சர்க்கரையைக் கொட்டி, ஒரு மணிகூடத் தெரியாத வரை கலக்கினால் வேலை முடிந்தது. இரண்டுக்கு ஒன்றுக்கு மட்டும் அடுப்பை மிகச் சின்னத் தணலில் வைத்துக் கலக்கலாம். எதையும் கொதிக்க விடத் தேவையில்லை.

எலுமிச்சை கார்டியலுக்கு என் அளவு: 12 நாட்டு எலுமிச்சை, அவற்றின் தோல் துருவல், 200 மி.லி. சாறு, 200 கிராம் சர்க்கரை. பழம் சின்னதாக இருந்தால் சாற்றுக்காக இன்னும் இரண்டு மூன்று பிழிய வேண்டியிருக்கும். துருவலைச் சர்க்கரையோடு விரலால் தேய்த்துப் பிசைந்து இரண்டு மணி நேரம் மூடி வைக்க வேண்டும். அப்புறம் சாற்றை ஊற்றி, அடுப்பில் ஏற்றாமலே கரைத்து, மெல்லிய துணியில் வடிகட்ட வேண்டும். 300 மி.லி.க்குக் கொஞ்சம் கூடக் கிடைக்கும். 60 மி.லி. ஜின், 22 மி.லி. கார்டியல், நிறைய ஐஸ், ஷேக்கரில் ஒரு குலுக்கு என்றால் அது கிம்லெட்.

ஒரு பெயர்க் குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடலாம். வெளிநாட்டுக் குறிப்புகளில் லைம் என்று இருந்தால் அதற்கு நம் எலுமிச்சை பொருந்தும். லெமன் என்பது பெரிய, மஞ்சளான, தடித்த தோல் கொண்ட வேறு பழம். நாம் இரண்டையும் எலுமிச்சை என்றே சொல்லிவிடுவதால் பாதிப் பேருக்கு இந்த இடத்திலேயே தடம் மாறிவிடுகிறது.

அறிகுறி: குறிப்பில் சொன்னபடிதான் ஊற்றினேன், ஆனால் பானம் திகட்டுகிறது, இல்லையென்றால் இனிப்பே ஏறவில்லை

*குறிப்பு கேட்ட சிரப்பும் உங்கள் சிரப்பும் ஒன்றுதானா?* குறிப்பில் சிம்பிள் சிரப் என்று மட்டும் இருந்தால் அது பெரும்பாலும் ஒன்றுக்கு ஒன்று. ரிச் சிரப் என்றால் இரண்டுக்கு ஒன்று. கணக்கு சுலபம்: ஒன்றுக்கு ஒன்று 15 மி.லி. ஊற்ற வேண்டிய இடத்தில் இரண்டுக்கு ஒன்று 10 மி.லி. போதும். 22 மி.லி. கேட்டால் 15. இந்த ஒரு கணக்கு தெரிந்தால் எந்தக் குறிப்பையும் கையிலிருக்கும் பாட்டிலுக்கு மாற்றிக்கொள்ளலாம்.

*கப்பில் அளந்தீர்களா?* ஒரு கப் தண்ணீர் 240 கிராம் என்றால் அதே கப் சர்க்கரை 200 கிராம்தான் இருக்கும். மணி பெரிதாக இருக்கிறதா, சின்னதாக இருக்கிறதா, கப்பைத் தட்டி நிரப்பினீர்களா என்பதைப் பொறுத்து அதுவும் மாறும். கப்புக்குக் கப் போட்ட சிரப் நிறுத்துப் போட்டதைவிடப் பத்தில் ஒரு பங்கு இனிப்பு குறைந்தே வரும். கப்பில் அளந்தே பழகியவர்கள் தாராளமாகத் தொடரலாம். எப்போதும் அதே கப், அதே சர்க்கரை என்று இருக்க வேண்டும், அவ்வளவுதான். சமையலறைத் தராசு ஒன்று வாங்கிவிட்டால் இந்தத் தலைப்பையே மறந்துவிடலாம்.

*அடுப்பில் விட்டுவிட்டீர்களா?* நம் ஊரில் அதிகம் நடப்பது இதுதான். ஜாமூனுக்கும் அதிரசத்துக்கும் பாகு காய்ச்சிய கை, சிரப்பையும் பிசுக்குப் பதம் வரும்வரை விடத்தான் பார்க்கும். போன தீபாவளி சமயத்தில் ஒரு நண்பர் வீட்டில் டைக்கிரி போட்டுக் கொடுத்தார். 60 மி.லி. ரம், 22 எலுமிச்சைச் சாறு, 22 சிரப், அளவெல்லாம் சரி. ஒரு வாய் குடித்துவிட்டு அவர் மனைவியே, "என்னங்க இது, பாயசம் மாதிரி இருக்கு?" என்றார். பாட்டிலைச் சாய்த்தால் சிரப் விளக்கெண்ணெய் மாதிரி இறங்கியது.

தராசை எடுத்து, 100 மி.லி. அளந்து நிறுத்தோம். இந்தச் சோதனை எல்லோரும் தெரிந்துவைத்திருக்க வேண்டியது. நன்றாக ஆறிய ஒன்றுக்கு ஒன்று சிரப் 100 மி.லி. ஏறக்குறைய 123 கிராம் இருக்கும், இரண்டுக்கு ஒன்று 133. அவருடையது 139 காட்டியது. 400 கிராம் சர்க்கரையும் 200 கிராம் தண்ணீரும் போட்டு, கால் மணி நேரம் கொதிக்க விட்டிருக்கிறார். பாத்திரத்தின் எடையைக் கழித்துப் பார்த்தால், 600 இருக்க வேண்டிய இடத்தில் மிஞ்சியது 520 கிராம். போன 80 கிராமும் தண்ணீர். சிரப் கம்பிப் பதத்துக்குப் பக்கத்தில் போயிருக்கிறது. பானத்துக்குள் 13, 14 கிராம் சர்க்கரை போக வேண்டியதற்குப் பதில் 23 கிராம் போய்விட்டது.

சரிசெய்வது ஒன்றும் பெரிதில்லை. 80 கிராம் சுடுதண்ணீரைத் திரும்ப ஊற்றிக் கலக்கினோம், 100 மி.லி. 133 காட்டியது. அடுத்த கிளாஸில் 15 மி.லி. மட்டும் ஊற்றினார். அடுப்பில் வைத்தே ஆக வேண்டும் என்பவர்கள் காய்ச்சும் முன்பும் பின்பும் பாத்திரத்தை அப்படியே நிறுத்துப் பாருங்கள். எத்தனை கிராம் குறைந்ததோ அத்தனை தண்ணீரைத் திருப்பிக் கொடுங்கள்.

*சிரப் சரியாக இருந்தும் திகட்டுகிறதா?* அப்படியானால் சாற்றைச் சந்தேகப்படுங்கள். நேற்றே பிழிந்து வைத்த சாறு, இல்லையென்றால் லைமுக்குப் பதில் வேறு பழம். புதிதாக ஒரு பழம் பிழிந்து இன்னொரு கிளாஸ் போட்டுப் பார்த்தால் இரண்டு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

அறிகுறி: பாட்டிலின் அடியில் கல்கண்டு கட்டுகிறது, கழுத்தில் வெள்ளையாகப் பூக்கிறது

கெட்டுப்போகவில்லை, பயப்பட வேண்டாம்.

*கழுத்திலும் மூடியிலும் மட்டும் இருந்தால்* ஊற்றும்போது வழிந்த சிரப் காய்ந்திருக்கிறது. ஈரத்துணியால் துடைத்தால் போதும். ஆனால் துடைக்காமல் விட்டு, அந்தத் துகள் உள்ளே விழுந்தால் அதைப் பிடித்துக்கொண்டு மற்றதும் உறைய ஆரம்பிக்கும்.

*அடியில் கட்டியிருந்தால்* இரண்டு கேள்வி. முதல் கேள்வி, காய்ச்சும்போது சர்க்கரை முழுதும் கரைந்ததா? நம் கடைச் சர்க்கரை மணி பெரிது. பார்க்கக் கரைந்த மாதிரி இருக்கும், கரண்டியால் அடியைத் தேய்த்தால் நறநறக்கும். தேய்த்துப் பார்த்துவிட்டு அடுப்பிலிருந்து இறக்குங்கள்.

இரண்டாவது, அது இரண்டுக்கு ஒன்று சிரப்பா, ஃபிரிஜ்ஜில் இருந்ததா? அறைச் சூட்டில் தண்ணீர் தன் எடையைப் போல் இரண்டு மடங்குச் சர்க்கரையைத்தான் தாங்கும். அதாவது இரண்டுக்கு ஒன்று என்பது விளிம்பு வரை நிரம்பிய குடம். ஃபிரிஜ்ஜுக்குள் போனதும் தாங்கும் அளவு குறைகிறது, மிச்சம் கல்கண்டாக வெளியே வருகிறது. பாட்டிலை வெதுவெதுப்பான தண்ணீரில் நிற்க வைத்துக் கரையுங்கள். ஃபிரிஜ்ஜிலிருந்து எடுத்த கண்ணாடியை நேராகக் கொதிநீரில் வைத்தால் விரிசல் விடும். கரைந்ததும் 600 கிராம் சிரப்புக்கு 30 கிராம் தண்ணீர் கூடுதலாக ஊற்றி விடுங்கள். இனிப்பில் வித்தியாசம் நாக்குக்குத் தெரியாது, ஃபிரிஜ்ஜிலும் உறையாது. நான் இப்போது ஆரம்பத்திலேயே 400 கிராமுக்கு 230 கிராம் தண்ணீர் வைத்துவிடுகிறேன்.

பாகு பூக்காமல் இருக்க எலுமிச்சை பிழியும் நம் வீட்டு வழக்கம் இங்கேயும் வேலை செய்யும்தான். ஆனால் விஸ்கியும் பிட்டர்ஸும் மட்டும் சேரும் பானத்தில் அந்தப் புளிப்பு துருத்திக்கொண்டு தெரியும். தண்ணீர் கூட்டுவதே நல்லது.

அறிகுறி: சிரப் தெளிவாக இல்லை

ஆறிய பின்னும் பால் கலந்த மாதிரி இருக்கிறதா என்று பாருங்கள். கரைத்த சூட்டோடு இருக்கும் மங்கல் காற்றுக் குமிழிகளாக இருக்கலாம், அரை மணியில் போய்விடும். போகவில்லை என்றால், ஐசிங் சுகர் போட்டீர்களா? கடையில் வாங்கும் பொடித்த சர்க்கரையில் கட்டி விழாமல் இருக்கச் சோளமாவு கலந்திருப்பார்கள், அது தெளியாது. சீக்கிரம் கரைய வேண்டும் என்றால் சாதாரணச் சர்க்கரையை நீங்களே மிக்ஸியில் ஒரு சுற்று விடுங்கள்.

மேலே சாம்பல் நிற நுரையோ அடியில் தூசு போன்ற படிவோ என்றால் அது சர்க்கரையோடு வந்த அழுக்கு. இனிப்புக் கடைகளில் பாகில் ஒரு கரண்டி பால் ஊற்றி அழுக்கைத் திரட்டி எடுப்பார்கள். காக்டெயில் சிரப்பில் அதை நான் செய்வதில்லை. உள்ளே தங்கும் பால் பின்னால் எலுமிச்சையைச் சந்திக்கும்போது திரியும். சூடாக இருக்கும்போதே நனைத்துப் பிழிந்த வெள்ளைத் துணியில் வடிகட்டினால் போதும்.

கார்டியல் மங்கலாக இருப்பது பழுதே இல்லை. அதில் சாறு இருக்கிறது, தோல் எண்ணெய் இருக்கிறது. ஊற்றும் முன் குலுக்குங்கள்.

அறிகுறி: கார்டியல் கசக்கிறது

எனக்கு வரும் கேள்விகளில் பாதி இதுதான். என் கையிலும் அதிகம் பாழானது இதில்தான். எப்போது கசந்தது என்று முதலில் யோசியுங்கள். செய்த உடனேயா, ஒரு நாள் கழித்தா? வழி அங்கே பிரிகிறது.

*செய்த உடனே கசந்தால்* வெள்ளைத் தோல் சேர்ந்திருக்கிறது. வாசனை முழுக்க வெளியே இருக்கும் பச்சை அல்லது மஞ்சள் மேல்தோலில்தான் இருக்கிறது, அதற்குக் கீழே இருக்கும் வெள்ளையில் கசப்பைத் தவிர ஒன்றும் இல்லை. வெளிநாட்டு வீடியோக்களில் காய் சீவும் கருவியால் பட்டை பட்டையாகச் சீவுவார்கள். அது தடித்த தோல் லெமனுக்குச் சரிப்படும். நம் எலுமிச்சைத் தோல் காகிதம் மாதிரி. சீவினால் வெள்ளையும் சேர்ந்தேதான் வரும், சில சமயம் சுளையே வெட்டுப்படும். அதனால் நுண்ணிய துருவியில், ஒரே இடத்தில் ஒரே இழுப்பு என்று துருவ வேண்டும். பழத்தைத் திருப்பிக்கொண்டே வர வேண்டும். துருவி முடித்த பழம் வெளிர் பச்சையாக இருக்க வேண்டும். வெள்ளை வெளேரென்று தெரிந்தால் ஆழமாகப் போய்விட்டீர்கள். 12 பழத்துக்கு இரண்டு டேபிள்ஸ்பூனுக்கு மேல் துருவல் சேர்ந்தாலே எனக்குச் சந்தேகம் வந்துவிடும்.

*துருவல் சரி, ஆனாலும் கசக்கிறது என்றால்* எத்தனை நேரம் ஊறியது? சர்க்கரையில் இரண்டு மணி நேரம், சாறு ஊற்றிய பிறகு இருபது நிமிடம். நான் அதற்கு மேல் விடுவதில்லை. முதல் தடவை "நன்றாக இறங்கட்டும்" என்று ராத்திரி முழுக்கச் சாற்றிலேயே துருவலை ஊற வைத்தேன். காலையில் வாசனை அள்ளியது, நாக்கில் வைத்தால் கஷாயம். சர்க்கரையில் ஊறும்போது மேலே வருவது வாசனை எண்ணெய், சாற்றில் ஊறும்போது கசப்பும் சேர்ந்து இறங்குகிறது. பத்து நிமிடத்துக்கு ஒரு முறை ஒரு துளி நாக்கில் வைத்துப் பாருங்கள். லேசாகக் கசப்பு தட்டியதும் வடிகட்டிவிட வேண்டும்.

துணியில் வடிகட்டும்போது கடைசிச் சொட்டு வரை முறுக்கிப் பிழிவது இன்னொரு தப்பு. அது தானாக வடியட்டும். சாறு பிழியும்போதும் விதை நசுங்கும் அளவுக்கு நெரிக்கக் கூடாது.

*செய்த அன்று நன்றாக இருந்து, மறுநாள் கசந்தால்* அது பெரும்பாலும் சாத்துக்குடி. இரண்டு வருடத்துக்கு முன், சாத்துக்குடி மலிவாகக் கிடைத்த வாரத்தில் ஒரு லிட்டர் கார்டியல் போட்டேன். மதியம் தேன் மாதிரி இருந்தது. சாயங்காலம் நண்பர்கள் வந்து ஜின்னில் ஊற்றியபோது லேசாகக் கசந்தது, மறுநாள் வாயில் வைக்க முடியவில்லை. பாத்திரம் சரியில்லை, சர்க்கரை சரியில்லை என்று என்னென்னவோ தேடினேன். கோளாறு பழத்தின் இயல்பில் இருந்தது. சாத்துக்குடியில் கசப்பில்லாத ஒரு பொருள் இருக்கிறது. பழத்தைப் பிழிந்ததும், சாற்றின் புளிப்பில் அது மெல்ல மெல்ல லிமோனின் என்ற கசப்புப் பொருளாக மாறுகிறது. ஜூஸ் கடையில் கண்ணெதிரே பிழிந்து கொடுப்பதை உடனே குடித்துவிடுவதால் நமக்கு அது தெரிவதில்லை. சில வகை ஆரஞ்சுகளிலும் இது உண்டு.

இப்படி ஆன கார்டியலைச் சரிசெய்ய வழி கிடையாது. சர்க்கரை கூட்டினால் இனிப்பும் கசப்புமாக இரண்டும் நிற்கும். அடுத்த தடவை சாற்றை விட்டுவிட்டு வாசனையை மட்டும் எடுங்கள். நாலு சாத்துக்குடியின் மேல்தோல் துருவல், 200 கிராம் சர்க்கரை, இரண்டு மணி நேரம் கழித்து 200 கிராம் தண்ணீர், 10 கிராம் சிட்ரிக் ஆசிட். வடிகட்டினால் ஒரு வாரம் ஆனாலும் கசக்காது. பழத்தை உரித்து அப்படியே சாப்பிட்டுவிடலாம்.

நார்த்தங்காய் போடலாமா என்று கேட்பவர்களுக்கு: ஊறுகாய்க்கு விட்டுவிடுங்கள்.

*கசப்பா, உலோக ருசியா என்று பிரித்துப் பார்த்தீர்களா?* நாக்கின் ஓரத்தில் காசை வைத்த மாதிரி இருந்தால் அலுமினியம் அல்லது பித்தளைப் பாத்திரத்தில் புளிப்பு உட்கார்ந்திருக்கிறது. கொட்டிவிடுங்கள். எவர்சில்வர், கண்ணாடி, பீங்கான் மூன்றில் ஒன்றுதான் கார்டியலுக்கு.

அறிகுறி: கசப்பில்லை, ஆனால் உயிரே இல்லை

*சாற்றைக் கொதிக்க வைத்தீர்களா?* சூடுபட்ட எலுமிச்சைச் சாறு ரசத்தில் பிழிந்துவிட்டுக் கொதிக்கவும் விட்டால் எப்படி ஆகுமோ அப்படித்தான் ஆகும். சர்க்கரை கரையவில்லையே என்றுதான் எல்லோரும் அடுப்பில் ஏற்றுகிறார்கள். அதற்குத்தான் மிக்ஸியில் பொடித்துக்கொள்ளச் சொன்னேன். பொடித்த சர்க்கரை, அறைச் சூட்டில் இருக்கும் சாறு, ஐந்து நிமிடக் கலக்கல். கரைந்துவிடும்.

காய்ச்சியதைக் காப்பாற்ற ஒரு வழி உண்டு. ஒரு எலுமிச்சையின் துருவலை இரண்டு ஸ்பூன் சர்க்கரையில் தேய்த்து, அரை மணி கழித்து அதில் கலந்து வடிகட்டுங்கள். வாசனையாவது திரும்பும்.

*ஆரஞ்சு கார்டியலா?* அப்படியானால் குறைவது புளிப்பு. எலுமிச்சைச் சாற்றில் ஆறு சதவீதம் அளவுக்குப் புளிப்பு இருக்கிறது, ஆரஞ்சில் ஒரு சதவீதம்கூட இல்லை. சர்க்கரையைச் சம அளவு போட்டால் வெறும் மிட்டாய்த் தண்ணீர்தான். 100 மி.லி. ஆரஞ்சுச் சாற்றுக்கு 5 கிராம் சிட்ரிக் ஆசிட் போடுங்கள். மாலிக் ஆசிட்டும் கிடைத்தால் சிட்ரிக் 3.2 கிராம், மாலிக் 2 கிராம். எலுமிச்சையின் புளிப்புக்கு ரொம்பப் பக்கத்தில் வரும். இந்த அளவுக்குச் சமையலறைத் தராசு நம்பகமில்லை, நகை நிறுக்கும் மாதிரிச் சின்னத் தராசு வேண்டும். இல்லையென்றால் 500 மி.லி. சாறாகப் போட்டு 25 கிராமாக நிறுங்கள். உணவுத் தரம் என்று எழுதிய பாக்கெட்டாகப் பார்த்து வாங்குங்கள், பாத்திரம் துலக்க விற்பது வேண்டாம்.

*கூழாகிவிட்டதா?* தோலையும் சாற்றையும் சர்க்கரையோடு சேர்த்து நீண்ட நேரம் கொதிக்க விட்டால் அது மார்மலேடாகத்தான் மாறும். ரொட்டியில் தடவிக்கொள்ளுங்கள். நான் கேலிக்குச் சொல்லவில்லை, நன்றாகவே இருக்கும்.

அறிகுறி: கள் வாடை, குமிழி, பூஞ்சை

இந்த ஒரு தலைப்பில் மட்டும் எதையும் காப்பாற்றப் பார்க்கக் கூடாது. மேலே ஒரே ஒரு வெள்ளைப் புள்ளி இருந்தாலும் பாட்டில் முழுதும் கீழேதான் போக வேண்டும். கரண்டியால் எடுத்துவிட்டால் கண்ணுக்குத் தெரிகிற பகுதி மட்டும்தான் போகும். மூடி உப்பியிருந்தாலோ, பாட்டிலுக்குள் குமிழி ஏறிக்கொண்டிருந்தாலோ, சிங்க்கில் வைத்து, தடித்த துண்டால் சுற்றி, முகத்தைத் தள்ளி வைத்துக்கொண்டு மெதுவாகத் திறங்கள். உள்ளே நொதித்திருக்கிறது, அழுத்தம் இருக்கும். தெரியாமல் குடித்துவிட்டு வாந்தியோ வயிற்றுப்போக்கோ நிற்காமல் போனால் டாக்டரிடம் போங்கள்.

கொட்டியாயிற்று. ஏன் கெட்டது என்று இந்த வரிசையில் பாருங்கள்.

*எத்தனை நாள் ஆயிற்று?* ஃபிரிஜ்ஜில் ஒன்றுக்கு ஒன்று சிரப் மூன்று வாரம் முதல் ஒரு மாதம் வரை, இரண்டுக்கு ஒன்று இரண்டு மூன்று மாதம், கார்டியல் இரண்டு வாரம். என் கணக்கு இதுதான். கடையில் விற்கும் லைம் கார்டியல் மாதக்கணக்கில் நிற்கிறதே என்று கேட்பார்கள். 1867-ல் ஸ்காட்லாந்தின் லீத் துறைமுகத்தில் லாக்லன் ரோஸ் காப்புரிமை வாங்கியதே சாராயம் கலக்காமல் எலுமிச்சைச் சாற்றைக் கெடாமல் வைக்கும் முறைக்குத்தான். கப்பல்காரர்களுக்கு அது தேவைப்பட்டது. இன்றைய கடை பாட்டிலிலும் கெடாமல் காக்கும் பொருட்கள் உண்டு. நம்முடையதில் சர்க்கரையும் புளிப்பும் மட்டும்தான். மூடியில் ஒரு துண்டு டேப் ஒட்டித் தேதி எழுதுங்கள்.

*பழைய பாட்டிலிலேயே புதிதை ஊற்றினீர்களா?* அடியில் இரண்டு விரல் பழசு இருக்கும்போதே மேலே நிரப்புவது உறைமோர் ஊற்றுவதற்குச் சமம். பாட்டிலைக் காலி செய்து, சோப்புப் போட்டுக் கழுவி, சுடுதண்ணீர் விட்டு அலசி, கவிழ்த்துக் காய வைக்க வேண்டும். மூடியின் உள்ளே இருக்கும் ரப்பர் வளையத்தைக் கழற்றிக் கழுவினீர்களா? அழுக்கு அங்கேதான் தங்கும்.

*சிரப் மெலிதாகிவிட்டதா?* சூடாக ஊற்றி உடனே மூடினால் நீராவி மேலே குளிர்ந்து சொட்டி, சிரப்பின் மேல் மெல்லிய தண்ணீர்ப் படலமாக நிற்கும். பூஞ்சைக்கு அது போதும். மல்துணி போட்டு மூடி ஆற வைத்துவிட்டு அப்புறம் மூடியைப் போடுங்கள், முதல் நாள் ஒரு தடவை குலுக்கியும் விடுங்கள்.

இன்னும் கொஞ்சம் நாள் தள்ள வேண்டும் என்றால் 250 மி.லி. சிரப்புக்கு ஒரு டேபிள்ஸ்பூன் வோட்கா சேர்க்கலாம். கொஞ்சம் தாங்கும், நிரந்தரக் காப்பு இல்லை. ஆனால் அந்த பாட்டிலின் மேல் பெரிதாக எழுதி வையுங்கள். குழந்தைகளுக்கு எலுமிச்சை சோடா கலக்கும்போது கை அந்த பாட்டிலுக்குத்தான் போகும்.

*எல்லாம் சரியாகச் செய்தும் பத்து நாளில் கெடுகிறதா?* அப்படியானால் ஃபிரிஜ்ஜைப் பாருங்கள். எனக்கு ஒரு கோடையில் தொடர்ந்து மூன்று பாட்டில் கள் வாடை அடித்தது. பாட்டிலைக் கொதிநீரில் போட்டேன், சர்க்கரையை மாற்றினேன், இரண்டுக்கு ஒன்றுக்கும் மாறிப் பார்த்தேன். கடைசியில் ஒரு டம்ளர் தண்ணீரில் தெர்மாமீட்டரை நிறுத்தி, கதவுத் தட்டில் ராத்திரி முழுக்க வைத்தேன். காலையில் 13 டிகிரி. உள் தட்டில், பின்பக்கமாக வைத்தால் 9. இருக்க வேண்டியது 4, 5.

முதலில் காசில்லாத வேலைகள்: பாட்டிலைக் கதவிலிருந்து எடுத்து உள்ளே பின்பக்கம் வையுங்கள், குளிர் அளவைக் கூட்டுங்கள், காற்று வரும் துளையை மறைத்துக்கொண்டிருக்கும் மாவு டப்பாவை நகர்த்துங்கள், ஒரு நாள் விட்டு மறுபடி அளங்கள். அப்புறம் ஒரு பத்து ரூபாய் நோட்டைக் கதவு இடுக்கில் வைத்து மூடி, இழுத்துப் பாருங்கள். தடையே இல்லாமல் உருவிக்கொண்டு வந்தால் கதவு ரப்பர் போய்விட்டது. என் வீட்டில் கீழ் மூலையில் நோட்டு வழுக்கிக்கொண்டு வந்தது. ரப்பரைச் சோப்புத் தண்ணீரில் துடைத்துப் பார்த்தேன், பயனில்லை.

துடைத்தும் நோட்டு வழுக்கினாலோ, நோட்டு இறுக்கமாக இருந்தும் தெர்மாமீட்டர் 8-க்குக் கீழே இறங்க மறுத்தாலோ மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். அந்தக் கட்டத்தில் சிரப் மட்டும் பிரச்சினை இல்லை, பாலும் மீனும் அதே பெட்டிக்குள்தான் இருக்கின்றன. எங்கள் வீட்டுக்கு வந்தவர் புது ரப்பர் மாட்டிவிட்டு, "சார், இது இப்படி ஆகி ஆறு மாசம் இருக்குமே" என்றார். மறுநாள் உள் தட்டில் 5 டிகிரி. அடுத்துப் போட்ட ஒன்றுக்கு ஒன்று பாட்டிலில் டேப்பில் தேதி எழுதி வைத்தேன். இருபத்தாறாம் நாள் கடைசி 22 மி.லி. ஒரு டைக்கிரிக்குள் போனது, வாடை எதுவும் இல்லை.

இன்னொரு இடத்திலும் வீட்டுக் கணக்கை நிறுத்த வேண்டும். நண்பர்கள் கேட்கிறார்கள் என்று பாட்டிலில் அடைத்து விற்க ஆரம்பித்தால் "என் கணக்குக்கு இரண்டு வாரம்" என்பது செல்லாது. எஃப்எஸ்எஸ்ஏஐ பதிவும், எத்தனை நாள் தாங்கும் என்று உணவுப் பரிசோதனைக் கூடத்தில் பார்த்த முடிவும் கையில் இருக்க வேண்டும்.